பன்னிரண்டு மாத வங்கி அறிக்கைகளும் ஒரு புதுக் குடித்தனத்தின் கணக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவதே என் தொழில். கடைக்காரர்களின் வங்கி அறிக்கைகளைப் படித்துப் பழகிய எனக்கு, ஒரு வீட்டின் அறிக்கையை முழு ஆண்டுக்கும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில்தான் கிடைத்தது. என் தம்பி மகளும் மாப்பிள்ளையும் திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து மூன்றாவது ஆண்டு அது. அவள் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மென்பொருள் துறையில் இருக்கிறார். இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் மாதம் 70,000 ராண்ட் கைக்கு வருகிறது. வரி, வேலையின்மைக் காப்பு, ஓய்வூதிய நிதி எல்லாம் பிடித்தது போக அவளுக்கு 28,000, அவருக்கு 42,000. அவர்கள் சம்மதத்துடன், ஆள் அடையாளம் தெரியாதபடி தொகைகளைச் சற்று மாற்றி இதை எழுதுகிறேன்.

அவர்களுடைய ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொருவரும் மாதம் 20,000 ராண்டைப் பொதுக் கணக்கில் போடுவார்கள். வாடகை, மளிகை, மின்சாரம், கார் தவணை, பெட்ரோல், மெடிக்கல் எய்டு எனப்படும் மருத்துவத் திட்டத்தின் சந்தா, காப்பீடு, தொலைபேசி ஆகிய எல்லாம் அந்த 40,000-இலிருந்து போகும். மீதி அவரவருடையது. வந்த புதிதில் இரண்டு மூன்று மாதச் செலவைக் குறித்துப் பார்த்து நிர்ணயித்த தொகை அது. ஆயினும் ஆண்டு முடிவில் இருவருக்கும் மனக்குறை இருந்தது. பொதுக் கணக்கில் துண்டு விழும்போதெல்லாம் தன் கடன் அட்டைதான் நிரப்புகிறது என்பது மாப்பிள்ளையின் எண்ணம். மாதக் கடைசியில் தன் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது அவளுடைய எண்ணம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் அறிக்கைகளை எடுத்தோம்.

எந்தப் பன்னிரண்டு மாதங்களை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் தனிநபர் வரி ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிகிறது. சம்பளச் சான்று, மருத்துவத் திட்டத்தின் வரிச் சான்று எல்லாம் அந்தக் கால அளவுக்கே வருவதால், 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை எடுத்துக்கொண்டோம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இந்த ஊரில் விலைகள் ஒரே நாளில் ஏறுவதில்லை. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் மின்சாரமும் தண்ணீரும் அன்று ஏறும். மருத்துவத் திட்டத்தின் சந்தா பெரும்பாலும் ஜனவரியில் ஏறும். வாடகை, ஒப்பந்தம் போட்ட மாதத்தில் ஏறும். இவர்களுக்கு அது செப்டம்பர். பெட்ரோல் விலையோ ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். இத்தனை நாட்காட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும் ஊரில் இரண்டு மூன்று மாதத்தை மட்டும் பார்த்து ஆண்டுக்குத் திட்டம் போட்டால் அது எங்கேயாவது வழுக்கத்தான் செய்யும்.

சம்பளம் வழக்கமாக 25ஆம் தேதி வருகிறது. டிசம்பரில் மட்டும் நிறுவனங்கள் விடுமுறைக்கு முன்பாக, மாத நடுவிலேயே கொடுத்துவிடுகின்றன. அடுத்த சம்பளம் ஜனவரி 25-க்குத்தான். நாற்பது நாட்களை ஒரு மாதச் சம்பளத்தில் ஓட்ட வேண்டிய அந்த இடைவெளி, நாட்காட்டி மாதப்படி பார்த்தால் டிசம்பரில் ஊதாரித்தனமாகவும் ஜனவரியில் வறுமையாகவும் தெரியும். உண்மையில் செலவு அவ்வளவு மாறியிருக்காது. ஆகவே மாதம் என்பதை 25 முதல் அடுத்த 24 வரை என்று வைத்துக்கொண்டு, டிசம்பரில் முன்கூட்டி வந்த சம்பளத்தையும் 25-இல் வந்ததாகவே பதிந்தோம். 1ஆம் தேதி போக வேண்டிய வாடகையை மாப்பிள்ளை சில மாதங்களில் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே அனுப்பியிருந்தார். இதனால் அறிக்கையில் ஒரே மாதத்தில் இரண்டு வாடகையும், மற்றொரு மாதத்தில் வாடகையே இல்லாமலும் இருந்த குழப்பமும் இந்த ஏற்பாட்டில் மறைந்தது.

மூன்று கணக்குகள், ஒரு கடன் அட்டை. நான்கின் பரிவர்த்தனை வரிகளையும் வங்கித் தளத்திலிருந்து இறக்கி ஒரே விரிதாளில் ஒட்டினோம். இங்கேதான் பெரும்பாலோர் முதல் தவறைச் செய்கிறார்கள். பொதுக் கணக்கிலிருந்து கடன் அட்டைக்குப் போன பணத்தைச் செலவாக எழுதி, அந்த அட்டையில் வாங்கிய பொருளையும் செலவாக எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். சொந்தக் கணக்குகளுக்கு இடையே போன வரிகளையெல்லாம் முதலில் ஜோடி ஜோடியாகக் கண்டுபிடித்து ஒதுக்கினோம். ஒரு பக்கம் கழிந்த தொகை மறுபக்கம் அதே அளவில் ஏறியிருக்க வேண்டும். ஜோடி கிடைக்காத வரி இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். கடைசியில், ஆண்டின் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் பிப்ரவரி இறுதியின் இருப்பு ஒரு சதம்கூடப் பிசகாமல் வர வேண்டும். அது வந்த பிறகே வகை பிரிக்கத் தொடங்கினோம்.

வகை பிரிப்பதில் வங்கி அறிக்கைக்கு ஒரு பெரிய குறை உண்டு. யாரிடம் கொடுத்தோம் என்றுதான் அது சொல்லும். எதற்குக் கொடுத்தோம் என்று சொல்லாது. ஜூன், ஜூலையில் மளிகைச் செலவு மற்ற மாதங்களைவிட ஆயிரம் ராண்டுக்கு மேல் கூடியிருந்தது. விருந்தினர் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"யாரும் வரலை பெரியப்பா. ஆனா அந்த ரெண்டு மாசம் கரண்டையும் கடையிலேயே வாங்கினேன்," என்றாள்.

இங்கே முன்பணம் கட்டிப் பெறும் மின்சாரத்தை அங்காடியின் பணம் கட்டும் மேசையிலேயே வாங்கலாம். ரசீதின் கீழே இருபது இலக்க எண் அச்சாகி வரும். அதை வீட்டிலுள்ள மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். வங்கிக்கோ அது அரிசி பருப்பு வாங்கிய அதே கடையின் ஒரே வரிதான். வழக்கமாகக் கைபேசிச் செயலியில் வாங்குகிறவள், செயலி தகராறு செய்த அந்த இரண்டு மாதங்களில் மட்டும் கடையில் வாங்கியிருக்கிறாள். அடுப்படி இழுப்பறையில் கிடந்த ரசீதுகளை எடுத்து, எண் அச்சான ஒவ்வொன்றின் தொகையையும் மளிகையிலிருந்து பிரித்து மின்சாரத்தில் சேர்த்தோம். வெப்பத்தால் அச்சாகும் தாள் ரசீதின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் இரண்டை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

ரொக்கமாக எடுத்த பணம் இன்னும் சிக்கலானது. அதற்குப் பிறகு அறிக்கை மௌனம்தான். ஆனால் தேதிகளை வரிசைப்படுத்தியபோது, எடுத்தவற்றில் பெரும்பகுதி வெள்ளி, சனிக்கிழமைகளில் இருந்தது. சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள பங்களாதேஷ் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் நாட்கள் அவை. அங்கே கறிவேப்பிலைக் கட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் அட்டையை நீட்ட முடியாது. அந்த ரொக்கத்தை மளிகையில் சேர்த்தோம். புரட்டாசி விரதத்தில் மாமிசக் கடை வரிகள் அடியோடு மறைந்திருந்தும் மொத்த மளிகைச் செலவு பெரிதாகக் குறையவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தோம். விரதம் சிக்கனம் என்று நம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அது சிறிது ஏமாற்றம். பன்னீருக்கும் முந்திரிக்கும் விலை இல்லையா என்ன!

எல்லாம் பிரித்த பிறகு இரண்டு குவியல்கள் நின்றன. மாதந்தோறும் வரும் செலவுகள் ஆண்டுக்கு 473,480 ராண்ட். அதாவது மாதம் சராசரி 39,457. அவர்கள் முதலில் நிர்ணயித்த 40,000 துல்லியமானது என்பதே இதன் பொருள். அவர்கள் ஊதாரித்தனமாக எதுவும் செய்துவிடவில்லை. துண்டு விழுந்ததற்குக் காரணம் முழுவதும் இரண்டாவது குவியலில் இருந்தது. அது ஆண்டில் ஒரு முறையோ சில முறையோ வருவது, ஆனால் வந்தே தீருவது. ஏப்ரலில் காருக்குச் சர்வீஸும் நான்கு டயரும் 13,800. ஜூனில் பம்பர் இடித்தபோது காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது போகக் கைப்பங்காகக் கட்டியது 5,500. டிசம்பர் பயணத்துக்காக ஆகஸ்டில் வாங்கிய இரண்டு சென்னை விமானச் சீட்டுகள் 38,000. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மருத்துவத்துக்குக் கைக்காசு 9,800. தீபாவளிக்கு 6,500. நவம்பரில் காரின் உரிமச் சீட்டுப் புதுப்பிப்பு 700. ஜனவரி, பிப்ரவரியில் திருமண மொய்யும் தைப்பூசக் காவடிச் செலவுமாக 3,700. மொத்தம் 78,000 ராண்ட்.

இவற்றில் மருத்துவச் செலவைச் சற்று விளக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் அதை எதிர்பாராத செலவு என்று எண்ணியிருந்தார்கள். அவர்களுடைய மருத்துவத் திட்டத்தில் சந்தாவின் ஒரு பகுதி சேமிப்பாக ஒதுக்கப்பட்டு, ஆண்டுக்கான தொகை ஜனவரியிலேயே பயன்படுத்தக் கிடைக்கிறது. மருத்துவரைப் பார்ப்பது, மருந்து, பல், கண்ணாடி எல்லாம் அதிலிருந்து போகும். அது தீர்ந்துவிட்டால், மருத்துவமனையில் சேர்ந்தால் ஒழிய, மற்றதில் பெரும்பகுதி கைக்காசு. ஆகஸ்டு இறுதியில் அவர்களுடைய சேமிப்பு காலி. ஆகவே ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் பல் மருத்துவருக்குக் கட்டியது திடீர்ச் செலவு அல்ல. ஜனவரி முதல் எட்டு மாதங்கள் அதே வேகத்தில் செலவழித்ததிலிருந்து முன்கூட்டியே கணித்திருக்கக்கூடியது. மருத்துவத் திட்டத்தின் அறிக்கையையும் வங்கி அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இது தெரியும்.

இரண்டு குவியலையும் கூட்டினால் 551,480. பொதுக் கணக்கில் போட்டது 480,000. இடைவெளியான 71,480-ஐ யார் நிரப்பினார்கள் என்று பார்த்தோம். மாப்பிள்ளையின் கடன் அட்டை 52,000-ஐ ஏற்றிருந்தது. அவர் சொன்னது உண்மைதான். மீதி 19,480 தம்பி மகளின் சொந்தக் கணக்கிலிருந்து இருநூறும் ஐந்நூறுமாக, பல் மருத்துவருக்கும் தீபாவளித் துணிக்கும் மொய்க்கும் போயிருந்தது. சிறு சிறு தொகைகள் என்பதால் அவளே அதைக் கணக்கில் வைத்திருக்கவில்லை.

இப்போது இருவரும் ஆண்டு முழுவதும் குடும்பத்துக்குக் கொடுத்ததை அவரவர் சம்பளத்தோடு ஒப்பிட்டோம். அவர் கொடுத்தது 292,000. அவருடைய ஆண்டுச் சம்பளமான 504,000-இல் ஏறக்குறைய 58 விழுக்காடு. அவள் கொடுத்தது 259,480. அவளுடைய 336,000-இல் 77 விழுக்காடு. இது போதாதென்று, அவள் தன் தாய்க்கு மாதம் 5,000 அனுப்புகிறாள். தம்பி இறந்த பிறகு என் தம்பி மனைவிக்கு வேறு வருமானம் கிடையாது. மாப்பிள்ளை தம் பெற்றோருக்கு 4,000 அனுப்புகிறார். இவற்றையும் கழித்தால் அவருக்கு மாதம் சுமார் 13,660 ராண்டும், அவளுக்கு 1,380-க்கும் குறைவாகவும் மிஞ்சியிருக்கிறது. விரிதாளில் அந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தன. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சரியா வருதான்னு இன்னொரு தடவை கூட்டுங்க மாமா," என்றார். கூட்டினேன். அதேதான் வந்தது.

சமமாகப் போடுவது நியாயம் என்று தோன்றுவது, இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது மட்டுமே சரி. இவர்கள் சம்பளம் 40-க்கு 60 என்ற விகிதத்தில் இருக்கிறது. ஆகவே பொதுச் செலவையும் அதே விகிதத்தில் பிரிப்பது என்பதில் சச்சரவு எதுவும் எழவில்லை. எந்தத் தொகையை அப்படிப் பிரிப்பது என்பதில்தான் வேலை இருந்தது.

சென்ற ஆண்டின் சராசரியை அப்படியே வரும் ஆண்டுக்கு எடுத்துக்கொள்வது தவறு. வாடகை ஆண்டின் முதல் பாதியில் 14,000, பிற்பாதியில் 14,840. சராசரி இவற்றுக்கு நடுவே நிற்கிறது; ஆனால் மார்ச்சில் கட்டப்போவது 14,840, செப்டம்பரில் மறுபடி 6 விழுக்காடு ஏறினால் 15,730. மெடிக்கல் எய்டும் ஜனவரியில் 5,200-இலிருந்து 5,720 ஆகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் கடைசியாகக் கட்டிய தொகையை எடுத்து, அது ஏறும் மாதத்திலிருந்து மட்டும் ஏற்றத்தைச் சேர்த்தோம். மின்சாரத்துக்கு ஜூலை முதல் 12 விழுக்காடு என்றும், மளிகைக்கு ஆண்டு முழுவதும் 5 விழுக்காடு என்றும் நாங்களாகவே ஒரு மதிப்பு வைத்தோம். மொத்தத்தில் 22,576 ராண்ட் கூடியது.

குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளையின் கைபேசி ஒப்பந்தம் 24 மாதங்களுக்குப் போட்டது. கைபேசியின் விலையும் சேர்ந்தே மாதம் 549 ராண்ட், நிறுவனம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் டெபிட் ஆர்டரில் போய்க்கொண்டிருந்தது. அறிக்கையில் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் 24 மாதம் எப்போதோ முடிந்திருந்தது. கைபேசி அவருடையதாகிவிட்ட பிறகும் அதே தொகை போனது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, கால வரையறை முடிந்த ஒப்பந்தம், நுகர்வோர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மாதத்துக்கு மாதம் தானாகத் தொடரும். முடிவதற்கு 40 முதல் 80 வேலை நாட்களுக்கு முன்பு நிறுவனம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அறிவிப்பு வந்ததா என்று தேடியதில், திறக்காத மின்னஞ்சல் ஒன்று கிடைத்தது. சிம் மட்டும் உள்ள 199 ராண்ட் திட்டத்துக்கு மாறியதில் ஆண்டுக்கு 4,200 மிச்சம். டெபிட் ஆர்டர் வரிகளைப் படிக்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல், அது எந்த மாதத்தில் முதன்முதலாகத் தோன்றியது என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வாறாக மாதாந்தரச் செலவு ஆண்டுக்கு 491,856 என்றும், மாதத்துக்கு 41,000 என்றும் வந்தது. இரண்டாவது குவியலின் 78,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 6,500. இந்த இடத்தில் மாப்பிள்ளை ஒரு நல்ல கேள்வி கேட்டார். டயர் ஒவ்வோர் ஆண்டும் மாற்றுவதில்லையே, 7,600-ஐ ஏன் வரும் ஆண்டிலும் வைக்க வேண்டும்? அவர் சொல்வது சரிதான். ஆனால் ஓர் ஆண்டின் அறிக்கை அந்த ஆண்டில் நடந்ததை மட்டுமே காட்டும். டயர் தேய்ந்த ஆண்டில் துணி துவைக்கும் இயந்திரம் நன்றாக ஓடியிருக்கிறது. அடுத்த ஆண்டு தலைகீழாகலாம். டயரை நீக்குவதானால் அந்த இடத்தில் இன்னும் பழுதாகாத ஒன்றை வைக்க வேண்டும். ஆகவே 78,000-ஐ அப்படியே விட்டு, அதில் எந்த வரிக்கும் உரிமை கொண்டாடாமல் மொத்தமாக ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் வைப்பது என்று தீர்மானித்தோம். பொதுக் கணக்கிலேயே விட்டுவைத்தால் அது மளிகையாகக் கரைந்துவிடும்.

மாதம் 6,500 போட்டால் ஆண்டு முடிவில் 78,000 சேரும், செலவும் 78,000 என்று பார்த்தால் கணக்கு நேராகிவிட்டது போல இருக்கும். ஆனால் செலவு ஆண்டு முடிவு வரை காத்திருப்பதில்லை. மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்தோம். மார்ச் இறுதியில் 6,500. ஏப்ரலில் 13,000 சேர்ந்த இடத்தில் காருக்கு 13,800 போனால் 800 குறை. ஜூன் செலவும் போக ஜூலை இறுதியில் 13,200. ஆகஸ்டின் 6,500-ஐச் சேர்த்தால் 19,700. அப்போது விமானச் சீட்டுக்கு 38,000 எடுத்தால் 18,300 ராண்ட் பள்ளம். அதற்குப் பிறகு பல் மருத்துவரும் தீபாவளியும் வருவதால் பள்ளம் மெதுவாகத்தான் மேடேறுகிறது. பிப்ரவரியில்தான் சுழியத்துக்கு வருகிறது. கடன் அட்டை ஆகஸ்டில் நிரம்பி, டிசம்பரில் கூடுதலாகக் கிடைக்கும் 13ஆம் மாதச் சம்பளம் வந்த பிறகே தீர்ந்ததன் காரணமும் இதில் அப்படியே தெரிந்தது.

ஆகவே அந்தக் கணக்கு வெறுங்கையோடு தொடங்கக் கூடாது. ஆண்டின் மிகத் தாழ்ந்த மாதத்தில் எவ்வளவு பள்ளம் விழுகிறதோ அவ்வளவு முதலிலேயே இருக்க வேண்டும். இவர்களுக்கு அது 18,300. சற்றுத் தாராளமாக 20,000 என்று வைத்தோம். அதையும் 40-க்கு 60 என்று பிரித்து அவள் 8,000, அவர் 12,000 போட்டார்கள். அவளிடம் இருந்த சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவர் கூடுதலாகப் போடலாம் என்று சொல்லியும் பார்த்தேன். அவள் ஒப்பவில்லை.

மாதாந்தரம் 41,000, தனிக் கணக்கு 6,500, ஆக 47,500. அவள் பங்கு 19,000, அவர் பங்கு 28,500. பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை என்ன செய்வது என்பது மட்டும் மிச்சமிருந்தது. என் யோசனை, அந்த 9,000-ஐயும் பொதுச் செலவாக எடுத்து விகிதத்தில் பிரிப்பது. அப்படிச் செய்தால் அவளுக்கு 5,400, அவருக்கு 8,100 கையில் நிற்கும். தனித்தனியாக அனுப்பினால் அவளுக்கு 4,000, அவருக்கு 9,500. வித்தியாசம் மாதம் 1,400 ராண்ட். மாப்பிள்ளை உடனே முதலாவதற்குச் சம்மதித்தார். அவள்தான் மறுத்தாள்.

"அம்மாவுக்குப் போறது என் சம்பளத்துலேருந்தே போகட்டும் பெரியப்பா. பொதுக் கணக்குல போட்டா, அடுத்த வருஷம் அம்மாவுக்கு ஏதாவது கூடுதலா அனுப்பணும்னா நான் இவர்கிட்ட கேட்கணும். இவர் வேண்டாம்னு சொல்ல மாட்டார். ஆனா கேட்கணும்ல?"

கணக்கின்படி அவளுக்கு நஷ்டம். ஆனாலும் அதற்கு மேல் நான் வாதாடவில்லை. விகிதம் சம்பளத்தைப் பார்த்துப் பிரிப்பது; யார் யாரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்பதை அது பார்ப்பதில்லை. பணம் அனுப்புவதில் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். தனித்தனியாக இரண்டு முறை அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் பிடிக்கப்படுவது அறிக்கையில் தெரிந்ததால், இப்போது இருவரும் இரண்டு மாதத் தொகையைச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புகிறார்கள். அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

அவர் கைச்செலவு 13,660-இலிருந்து 9,500 ஆகக் குறைந்தது. நஷ்டம் என்று சொல்ல முடியாது. முன்பு அட்டையில் கடனாக ஏறியதெல்லாம் இப்போது முன்கூட்டியே போகிறது. அட்டைக்குக் கட்டிய வட்டி கணிசமானது. அதை அவர் சொந்தச் செலவாக வைத்திருந்ததால் நான் மேலே சேர்க்கவில்லை. சம்பளம் எப்போது உயர்ந்தாலும் விகிதத்தை மார்ச்சில் மட்டுமே திருத்துவது, 13ஆம் சம்பளத்தை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவராமல் சேமிப்புக்கு விடுவது என்ற இரண்டையும் அவர்களே சேர்த்தார்கள். வருகிறதோ இல்லையோ என்ற பணத்தை நம்பி மாதத் திட்டம் போடாதது எனக்குப் பிடித்தது.

ஆகஸ்டில் தனிக் கணக்கின் அறிக்கையை எனக்கு அனுப்பினாள். திட்டப்படி சீட்டு வாங்கிய பிறகு அதில் 1,700 இருந்திருக்க வேண்டும். டிக்கெட் விலை ஏறி 41,000 ஆகியிருந்தது. ஏப்ரலில் டயர் மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஜூனில் பம்பரும் இடிபடவில்லை. ஆனால் ஜூலையில் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோய்ப் புதிதாக வாங்கியதில் 6,800 போயிருந்தது. எல்லாம் போக இருப்பு 5,000. கடன் அட்டையில் அந்த மாதம் பெட்ரோல் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. மருத்துவச் சேமிப்பு இந்த முறையும் ஆகஸ்டோடு தீர்ந்துவிட்டதாகவும், பல் மருத்துவரிடம் பாக்கியிருக்கும் ஒரு வேலையை ஜனவரிக்குத் தள்ளலாமா என்று கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள். தள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.